குழு முடிவை அறிவிக்கும் செயலாளர் கடிதம்

ஒரு சங்கத்தின் செயற்குழு தன் உறுப்பினர் ஒருவருக்குப் பாதகமாக எடுத்த முடிவை, அந்த உறுப்பினருக்குச் செயலாளர் எழுத்து மூலம் தெரிவிப்பது முடிவு அறிவிப்புக் கடிதம் ஆகும். இடைநீக்கம், சலுகை நிறுத்தம், அபராதம், விண்ணப்ப நிராகரிப்பு போன்றவை இத்தகைய முடிவுகள். இக்கடிதத்தின் மையப் பகுதி, தீர்மானப் புத்தகத்தில் உள்ள தீர்மானத்தின் சொல் மாறாத நகல். முடிவெடுத்தது குழு. செயலாளர் அதைக் கொண்டு சேர்ப்பவர் மட்டுமே. ஆகவே முடிவைத் தம் சொற்களில் திருப்பி எழுத அவருக்கு உரிமை இல்லை.

கடிதம் ஏன் தேவை

முடிவு புத்தகத்தில் எழுதப்பட்டால் மட்டும் போதாது, பாதிக்கப்படுபவருக்குச் சென்று சேரவும் வேண்டும். பச்சித்தர் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் 1962இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கோப்பில் அமைச்சர் எழுதிய குறிப்பு, உரியவருக்குத் தெரிவிக்கப்படும் வரை அவரைக் கட்டுப்படுத்தும் ஆணை ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. அது அரசு ஆணை பற்றிய வழக்கு. எனினும் சங்கங்களும் அதே முறையைப் பின்பற்றுவது பாதுகாப்பானது. உறுப்பினருக்கு முடிவு தெரிந்தால்தான் அவர் அதற்குக் கீழ்ப்படியவோ மேல்முறையீடு செய்யவோ முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி அமைந்தது தா.பழூர் ஒன்றியம். தமிழக அரசு 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 உழவர்கள் கொண்ட ஓர் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தரப்பட்டது. அதைக் கொண்டு குழுக்கள் பவர் டில்லர் போன்ற பொது இயந்திரங்களை வாங்கி உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விட்டன. தா.பழூர் பகுதியில் அத்தகைய ஒரு குழு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வாடகை பாக்கி வைத்த ஒருவர் குறித்து அதன் செயற்குழு 10.08.2025 அன்று இவ்வாறு தீர்மானித்தது:

"தீர்மானம் எண் 7: உறுப்பினர் எண் 42, பவர் டில்லர் வாடகை நிலுவை ரூ.3,600-ஐ இருமுறை எழுத்து மூலம் கேட்டும் செலுத்தாததால், துணைவிதி 14(2)-இன்படி, அவருக்குக் குழுவின் இயந்திரங்களை வாடகைக்கு வழங்குவதை 01.09.2025 முதல் 30.11.2025 வரை அல்லது நிலுவை முழுவதும் செலுத்தப்படும் நாள் வரை, இவற்றில் எது முந்தையதோ அதுவரை, நிறுத்தி வைப்பதென்று பெரும்பான்மையாகத் தீர்மானிக்கப்பட்டது."

செயலாளர் இதைச் சுருக்கி இப்படி எழுதினால் என்ன ஆகும்?

"வாடகை பாக்கியைக் கட்டாமல் குழுவை ஏமாற்றி வந்ததால், உங்களுக்கு மூன்று மாதத்துக்கு இயந்திரம் கிடையாது எனக் குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது."

படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இதில் நான்கு பிழைகள் உள்ளன.

முதலாவது, "ஏமாற்றி" என்ற சொல் தீர்மானத்தில் இல்லை. குழு சொன்ன காரணம் "செலுத்தாததால்" என்பது மட்டும். நேர்மையைக் குறை கூறும் குற்றச்சாட்டைச் செயலாளர் தாமாகச் சேர்த்துவிட்டார். அவதூறு என்று புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

இரண்டாவது, பணம் கட்டினால் தடை நீங்கும் என்ற நிபந்தனை விடுபட்டுவிட்டது. பெருஞ்சேதம் இதனால்தான். சம்பா உழவு நேரத்தில் இக்கடிதத்தைப் பெறுபவர், பாக்கியைக் கட்டினாலும் பயனில்லை என்று எண்ணி, கூடுதல் வாடகைக்கு வெளியாளின் டிராக்டரைத் தேடுவார். குழுவுக்கும் பாக்கி வராது.

மூன்றாவது, "பெரும்பான்மையாக" என்பது "ஒருமனதாக" ஆகிவிட்டது. எதிர்த்து வாக்களித்த உறுப்பினரிடமிருந்து உண்மையை அறிந்தால், அவர் கடிதம் முழுவதையும் சந்தேகிப்பார்.

நான்காவது, தொடக்க நாளும் துணைவிதி எண்ணும் இல்லை. தடை கடித நாளிலிருந்தா, பெற்ற நாளிலிருந்தா என்பது தெரியாது. எந்த அதிகாரத்தின்கீழ் எடுத்த முடிவு என்பதும் தெரியாது. டி.பி.தாவர் எதிர் லாட்ஜ் விக்டோரியா வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம், உறுப்பினரை நீக்கும் சங்கம் தன் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்றும், நல்லெண்ணத்துடனும் இயற்கை நீதிப்படியும் நடக்க வேண்டும் என்றும் கூறியது. நீக்கத்தைவிடச் சிறிய நடவடிக்கைக்கும் விதி எண்ணைக் குறிப்பிடுவது நல்லது. அந்த விதி இதற்கு இடம் தருகிறதா என்பதை உறுப்பினர் தாமே சரிபார்க்கலாம்.

சரியான கடிதம்

அனுப்புநர், பெறுநர், நாள் ஆகியவற்றுக்குப் பிறகு கடிதம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா,

பொருள்: இயந்திர வாடகை நிலுவை – செயற்குழுத் தீர்மானம் – தெரிவித்தல்.

பார்வை: 10.08.2025 செயற்குழுக் கூட்டத் தீர்மானம் எண் 7.

பார்வையில் கண்ட கூட்டத்தில் தங்களைப் பற்றி நிறைவேற்றப்பட்ட தீர்மானம் பின்வருமாறு:

(இங்கே தீர்மானம் முழுவதும், மேற்கோள் குறிகளுக்குள்)

நிலுவைத் தொகையைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். துணைவிதி 16-இன்படி, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொதுக்குழுவுக்கு மேல்முறையீடு செய்யத் தங்களுக்கு உரிமை உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்"

மேற்கோள் குறிகளுக்குள் இருப்பது குழுவின் சொல், வெளியே இருப்பது செயலாளரின் சொல். இந்த எல்லை பார்த்தவுடன் தெரிய வேண்டும். வெளியே வருபவை நடைமுறைத் தகவல்கள் மட்டுமே. யார் முன்மொழிந்தார், யார் எதிர்த்தார், விவாதத்தில் யார் என்ன பேசினார் என்பவை கடிதத்தில் இடம்பெறக் கூடாது. "எனக்கு இதில் விருப்பமில்லை, குழு முடிவு செய்துவிட்டது" என்ற ஆறுதலும் வேண்டாம். அது குழுவுக்குள் பிளவு இருப்பதாகக் காட்டும்.

புத்தகத்திலேயே பிழை இருந்தால்

நகல் எடுக்கும்போது தீர்மானத்திலேயே தவறு தென்படலாம். உண்மையான நிலுவை ரூ.3,060 ஆக இருந்து, புத்தகத்தில் ரூ.3,600 என்று பதிவாகியிருக்கலாம். செயலாளர் கடிதத்தில் மட்டும் அதைத் திருத்திவிட்டால், கடிதமும் புத்தகமும் ஒன்றுக்கொன்று முரண்படும். புத்தகத்தில் அடித்து எழுதினால் பதிவேட்டின் நம்பகமே கெடும். தலைவரிடம் தெரிவித்து, கடிதத்தை நிறுத்தி வைத்து, அடுத்த கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் நிறைவேற்றுவதே வழி. அதன்பின் இரு தீர்மானங்களையும் சேர்த்து மேற்கோள் காட்ட வேண்டும். சிறு எழுத்துப் பிழையாயின், உள்ளபடியே நகல் எடுக்கலாம்.

அனுப்புதல்

கடிதத்தை, சென்று சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் அஞ்சல் முறையில் அனுப்பலாம். நேரில் கொடுத்தால் அலுவலக நகலில் தேதியுடன் கையொப்பம் பெற வேண்டும். மேல்முறையீட்டுக் கெடு கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவதால், அந்த நாளுக்குச் சான்று இருப்பது இரு தரப்புக்கும் தேவை. கையொப்பமிடும் முன் ஒருவர் புத்தகத்திலிருந்து தீர்மானத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் கடிதத்தைச் சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "அல்லது", "வரை", "முதல்" போன்ற சிறு சொற்களே பெரும்பாலும் விடுபடுகின்றன. மேலே கண்ட தீர்மானத்தில் "அல்லது" என்ற ஒரு சொல்தான், மூன்று மாதத் தடையை ஒரே நாளில் முடித்துக்கொள்ளும் வழியை அந்த உழவருக்குத் தருகிறது.