மொய் நோட்டின் ஓரத்தில் ஒரு கதை

மகளின் கல்யாண வேலைக்கிடையே ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொள்ளும் வயதான தம்பதியைப் பற்றி ஒரு சிறுகதை எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுத உட்காருகிறவருக்கு முதலில் தோன்றுவது இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பழசைப் பேசும் காட்சிதான். அங்கேயே கதை படுத்துவிடும். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் அப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதில்லை. ரேஷன், கரண்ட் பில், பிள்ளையின் ஃபீஸ் என்று வேலையைப் பற்றித்தான் அவர்களுக்குப் பேச்சு. புதிதாக ஒன்றைக் கண்டுகொள்வதாக இருந்தால் அதுவும் வேலைக்குள்ளேயேதான் நடக்கவேண்டும்.

கல்யாணம் இந்த இடத்தில் கதாசிரியருக்குக் கைகொடுக்கிறது. தமிழ்நாட்டில் பெண் வீட்டுக் கல்யாண வேலை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். மண்டபம், சமையல்காரர், பந்தல், மேளம், பணம் புரட்டுவது எல்லாம் அப்பா தலையில். நகை, புடவை, சீர்வரிசைப் பாத்திரம், எந்தச் சொந்தம் எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்ற கணக்கு எல்லாம் அம்மா தலையில். இந்த இரண்டு பாதையும் அப்படியே ஓடினால் கதை கிடையாது. இரண்டும் எங்கே மோதுகிறது என்று தேடவேண்டும்.

கல்யாண வீட்டை வைத்து எழுதப்பட்ட கதைகளில் தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ முன்வரிசையில் நிற்பது. அண்ணன் மகன் வீட்டுக் கல்யாணத்தில், பொறாமை தாளாத கிழவர் சாமநாது பெரிய பாத்திரம் நிறைய இருந்த பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, அதில் ஏதோ விழுந்து கிடந்ததாகப் பொய் சொல்கிறார். அவருடைய மனைவி உயிரோடு இல்லை. ஆனாலும் அவர் மனசுக்குள் அவள் பேசிக்கொண்டேயிருக்கிறாள். 2021இல் வந்த ‘நவரசா’ தொகுப்பில் வசந்த் இதைப் படமாக்கியபோது டெல்லி கணேஷும் ரோகிணியும் அந்தத் தம்பதியாக வந்தார்கள். ஊரே கூடியிருக்கும் மண்டபத்தில் ஒரு மனிதரை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவள் அவருடைய மனைவி ஒருத்திதான் என்பது கதையை வாசித்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ரீட்டர் 1949இல் எழுதிய ‘ஃபாதர் ஆஃப் தி ப்ரைட்’ வேறு வகை. பெண்ணைப் பெற்றவரின் செலவுப் புலம்பல்தான் அதில் சிரிப்பு. மறுவருஷமே வந்த படத்தில், விருந்து முடிந்து அலங்கோலமாகக் கிடக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் நடனமாடுவதோடு முடித்தார்கள். நம்மூர் அப்பாவை நடனமாட விட்டால் வாசகர் சிரித்துவிடுவார். அவருக்கு வேறு ஏற்பாடு செய்யவேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பதி ஒன்றைக் கதைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1992இல் கல்யாணம் ஆனபோது மதுரைப் பக்கத்து அரசு பஸ்களுக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர். விசேஷ நாட்களில் ஊரெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக, அவர் அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மகளை வளர்த்தார். மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம். நடுவில் ஆடி வந்துவிடும் என்பதால் பத்திரிகை வைக்கிற வேலையைச் சீக்கிரம் தொடங்கவேண்டும். அதற்கு முன்னால், யார் யாருக்கு வைப்பது என்று பட்டியல் போடவேண்டும்.

பட்டியல் போட மதுரை, தேனிப் பக்கத்தில் எடுப்பது பழைய மொய் நோட்டை. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு அது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் மஞ்சள். மண்டப வாசலில் மேஜை போட்டு ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, கையெழுத்து நன்றாக உள்ள இன்னொருவர் எழுதுவார். ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை. ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று ஒற்றை ரூபாய் சேர்ந்தே வரும். இந்தப் பணம் அன்பளிப்பு என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். உள்ளூரில் அது திரும்பச் செய்யவேண்டிய கடன். நூற்றொன்று வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் அதைவிடக் கூட்டி வைக்கவேண்டும். வைக்காமல் விட்டால் ஒரு தலைமுறை பேச்சுவார்த்தை நின்றுபோகும். அதனால் நோட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பெட்டியின் அடியில், நிலப்பத்திரத்தோடு கிடக்கும்.

ஒரு சிறுகதைக்கு இப்படி ஒரு பொருள் கிடைப்பது அதிர்ஷ்டம். நோட்டைத் திறக்கக் காரணம் வேண்டாம், கல்யாணமே காரணம். ‘அந்த நாள் நினைவிருக்கிறதா’ என்று யாரும் கேட்கவேண்டாம், பக்கத்தில் எழுதியிருக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார், அவர் மனைவி புதுப் பட்டியலில் எழுதுகிறார். பேரையூர்ப் பெயர் ஒன்று வருகிறது. ஒரு வரப்புத் தகராறில் இருபது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத சித்தப்பா மகன். “இவனுக்கு வேண்டாம்” என்று அடுத்த வரிக்குப் போகப் பார்க்கிறவரின் விரல் நின்றுவிடுகிறது. பெயருக்கு நேரே ஓரத்தில், பென்சிலில், ஒரு தேதியும் தொகையும். எழுத்து மனைவியுடையது.

“இது என்ன?”

“அவங்க மூத்த மகளுக்குக் காதுகுத்து. போய்ச் செஞ்சிட்டு வந்தேன்.”

“யார் பேர்ல?”

“உங்க பேர்லதான். என் பேரை அங்க யாருக்குத் தெரியும்?”

அவர் பக்கங்களைத் திருப்புகிறார். ஓரம் முழுக்கப் பென்சில். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு. அவர் டூட்டியில் இருந்த ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் அந்த அம்மாள் தனியாகப் பஸ் ஏறி, தையல் காசிலிருந்து எடுத்து, அவர் பெயரை ஊரூராக எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறார். தன்னை ஊரில் மதிக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்ததற்குக் காரணம் இந்தப் பென்சில் எழுத்து. இதை அவர் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் கதை பிரசங்கமாகிவிடும். “பட்டியல்ல எழுது” என்று மட்டும் சொன்னால் போதும். பேரையூர்க்காரனுக்குப் பத்திரிகை உண்டு என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

இத்தோடு நிறுத்தினால் மனைவி தியாகி, கணவர் குற்றவாளி என்று ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அந்த அம்மாளும் ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். இங்கேதான் கை நீளும். அவளுடைய நகையை அவர் ரகசியமாக மீட்டுக்கொடுத்தார், அவளுக்காக ஒரு வேலையை உதறினார் என்றெல்லாம் எழுதத் தோன்றும். முப்பது வருஷம் ஒரு வீட்டில் அவ்வளவு பெரிய ரகசியம் தங்காது. தங்கக்கூடியது சின்னதுதான்.

நோட்டின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஊர்ப்பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே போகிற பஸ், வருகிற பஸ், கடைசி வண்டியின் நேரம். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையுமாக விருந்துக்குப் போகவேண்டிய வீடுகளுக்கு, கல்யாணமான வாரத்தில் ஒரு கண்டக்டர் போட்ட கணக்கு. எழுமலைக்கும் இன்னொரு ஊருக்கும் போய்வந்தார்கள். அப்புறம் லீவு கிடைக்கவில்லை. மாமியார் வீட்டு விருந்துகளுக்கு அவர் வராததை இத்தனை வருஷமும் அந்த அம்மாள் அலட்சியம் என்றே வைத்திருந்தார். “இதைச் சொல்லவேயில்லையே?” என்று கேட்டால், “நேரம் எழுதி வச்சா போயிட்ட மாதிரியா?” என்று அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அவர் குணத்துக்கு அவ்வளவுதான் வரும்.

இதற்குப் பிறகு பத்திரிகை வைக்கும் படலம் தானாக ஓடும். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை, அடுத்து தாய்மாமன். நெருங்கிய வீடுகளுக்குத் தபாலும் வாட்ஸாப்பும் செல்லாது. வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு தட்டில் வைத்துத் தம்பதியாக நின்று கொடுக்கவேண்டும். ஒருவர் மட்டும் போனால், “அவங்க வரலையா?” என்பதுதான் முதல் கேள்வி. ஆக, 1992இல் போகாத ஊர்களுக்கெல்லாம் இப்போது இருவரும் சேர்ந்து போயாகவேண்டும். வண்டி வைத்துப் போகலாம் என்று மகள் சொல்வாள். பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கலாம். அங்கேயும் ஒரு சின்ன சுவாரஸ்யம் இருக்கிறது: அவர் போகிற வீடுகளில் எல்லாரும் அவரைவிட அவர் மனைவியிடமே அதிகம் பேசுகிறார்கள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தப் பேரன் எங்கே படிக்கிறான் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரிகிறது. அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

எழுதிப் பார்க்கிறவர்கள் சறுக்கும் இடம் அநேகமாகக் கல்யாண நாள்தான். பாதபூஜை என்று ஒரு சடங்கு பல வீடுகளில் உண்டு. பெற்றவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, தாம்பாளத்தில் கால்களை வைக்கச் சொல்லி, மகள் பாலும் தண்ணீரும் விட்டுச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அங்கே ஒரு கண்ணீர்க் காட்சி எழுதாமல் விட யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்த அழுகை மகளுக்கானது. தம்பதியின் கதை அதில் கரைந்துபோகும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், பித்தவெடிப்பு நிறைந்த தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்கிற மனைவியையும், “வை, எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று காதோரம் சொல்கிற கணவரையும் இரண்டு வரியில் காட்டிவிட்டு நகரலாம்.

கதையை முடிக்க மணமேடையைவிட மொய் மேஜை நல்ல இடம். இப்போது அங்கே நீள நோட்டு இல்லை. மதுரை, தேனிப் பக்கத்தில் மொய் எழுதுவதற்கென்றே கம்ப்யூட்டரோடு ஆட்கள் வருகிறார்கள். பெயரைச் சொன்னதும் ரசீது வந்துவிடுகிறது, கடைசியில் ஊர்வாரியாகப் பட்டியல் எடுத்துத் தருகிறார்கள். முதல்நாள் சாயங்காலம் மிஷினை மாட்டிக்கொண்டிருக்கும் பையன், பழைய நோட்டைக் கொடுத்தால் அதையும் டைப் செய்து தருவதாகச் சொல்கிறான். அவர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு யோசிக்கிறார். பூக்கூடையோடு அந்தப் பக்கம் போகிற மனைவி நிற்காமல் சொல்லிவிட்டுப் போகிறார்: “குடுங்க. பின்னாடி இருக்கிற பஸ் நேரத்தையும் சேத்து அடிச்சுத் தரச் சொல்லுங்க. இன்னும் மூணு ஊர் பாக்கி இருக்கு.”