உங்களுக்குத் தெரியுமா? நட்சத்திரங்களின் நடுவே ஒரு பள்ளம்

இணையக் கடையில் ஐந்து நட்சத்திரத்திலும் ஒரு நட்சத்திரத்திலும் குவிந்து கிடக்கும் மதிப்பீடுகள், பொருளைப் பயன்படுத்திய அனைவரையும் கேட்டால் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்துவிடக்கூடும்.

• ஹூ, பாவ்லூ, ஜாங் ஆகிய மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமேசானில் மதிப்பீடுகள் இவ்வாறு பிளவுபட்டிருந்த ஓர் இசைத்தட்டை மாணவர்கள் அனைவரும் மதிப்பிட்டபோது, இரு முனைக் குவியல் மறைந்து நடுவில் ஒரே மேடு எழுந்தது.

• பிடிக்கும் என்று எதிர்பார்ப்பவரே பெரும்பாலும் வாங்குவதால் ஐந்தின் பட்டை உயர்கிறது; வாங்கியவர்களிலும் மிக மகிழ்ந்தவரோ கொதித்துப்போனவரோதான் எழுத மெனக்கெடுகிறார் என்பதால், ‘பரவாயில்லை’ என்று நினைத்தவரின் மூன்று நட்சத்திரம் பதிவாகாமலே போகிறது.

• நூறு பேரில் 60 பேர் ஐந்தும், 10 பேர் நான்கும், 5 பேர் மூன்றும், 5 பேர் இரண்டும், 20 பேர் ஒன்றும் அளித்தால் சராசரி 3.85, 85 பேர் நான்கும் 15 பேர் மூன்றும் அளித்தாலும் அதே 3.85தான். முதல் பொருளை வாங்குவது ஏறக்குறைய சூதாட்டம், இரண்டாவது சாதாரணச் சரக்கு என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது.

• எனவே ஒரு நட்சத்திரக் குறிப்புகளையே முதலில் படிக்க வேண்டும்: ‘பெட்டி நசுங்கி வந்தது’ என்பது கூரியரின் குறை, ‘இரண்டே மாதத்தில் மோட்டார் நின்றது’ என்று பலர் தனித்தனியே எழுதியிருந்தால் அது பொருளின் குறை.