ஜெர்மன் வருமான வரித் தீர்வு அறிவிப்பை வாசிக்கும் விதம்

ஜெர்மனியில் ஆண்டு வருமானக் கணக்கைத் தாக்கல் செய்தவருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அதன் பெயர் ஷ்டொயர்பெஷைட். வரித் தீர்வு அறிவிப்பு என்று தமிழில் சொல்லலாம். அனுப்புவது ஃபினான்ஸாம்ட் எனப்படும் உள்ளூர் வரி அலுவலகம். பிரித்தவுடன் பலரும் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: பணம் திரும்பி வருமா, இன்னும் கட்ட வேண்டுமா? அந்த எண் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அது சரியான எண்தானா என்று அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

முதல் பக்கத்தில் இரண்டு கணக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே உள்ளது ஃபெஸ்ட்ஸெட்சுங், அதாவது தீர்வு. அந்த ஆண்டுக்கு அவர் கட்ட வேண்டிய முழு வரி எவ்வளவு என்று அலுவலகம் முடிவு செய்த தொகை அது. வருமான வரிக்கு ஒரு பத்தியும், ஒருமைப்பாட்டுக் கூடுதல் வரிக்கு ஒரு பத்தியும், பதிவு பெற்ற திருச்சபை உறுப்பினராக இருந்தால் தேவாலய வரிக்கு ஒரு பத்தியும் இருக்கும். கூடுதல் வரிப் பத்தியில் பூஜ்யம் இருந்தால் திகைக்க வேண்டியதில்லை. 2021 முதல் சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் அதிலிருந்து விடுபட்டுவிட்டனர்.

கீழே உள்ளது ஆப்ரெஹ்னுங், கணக்குத் தீர்ப்பு. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரியும் முன்கூட்டிக் கட்டிய தொகைகளும் இங்கே கழிக்கப்படும். மிஞ்சுவதே திரும்பி வரும் பணம் அல்லது பாக்கி. ‘சு ஃபீல் என்ட்ரிஹ்டெட்’ என்று இருந்தால் அதிகமாகச் செலுத்தப்பட்டுள்ளது என்று பொருள். அந்தத் தொகை ‘எர்ஷ்டாட்டுங்’, திருப்பித் தரப்படும் பணம். சில இடங்களில் அதையே ‘கூட்ஹாபன்’, வரவு இருப்பு என்றும் எழுதியிருப்பார்கள். ‘நோஹ் சு ட்சாலன்’ என்று இருந்தால் இன்னும் கட்ட வேண்டும். அந்தப் பாக்கிக்குப் பெயர் ‘நாஹ்ட்சாலுங்’. சட்டப் புத்தகத்தில் அதற்கு ‘ஆப்ஷ்லுஸ்ட்சாலுங்’ என்ற பெயரும் உண்டு.

2024ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருமணமாகாத ஒரு ஊழியரின் மொத்தச் சம்பளம் 42,000 யூரோ. மாதாமாதம் பிடித்த வரி மொத்தம் 5,160 யூரோ. சம்பளத்தில் வரி பிடிக்கும்போதே, வேலைக்கான செலவாக ஆண்டுக்கு 1,230 யூரோவை ஆதாரம் கேட்காமல் கழித்துவிடுவார்கள். இந்த ஊழியருக்குத் தொலைவுப் பயணம், கணினி, பயிற்சி என்று உண்மையான செலவு 2,830 யூரோ. இந்தச் செலவுக்குத்தான் ‘வெர்புங்ஸ்கோஸ்டன்’ என்று பெயர். ஓய்வூதியம், மருத்துவம், பராமரிப்பு ஆகிய காப்பீட்டுச் சந்தாக்களையும் கழித்தபின் வரி விதிக்கத்தக்க வருமானம் 30,976 யூரோ. அதற்கு வரி 4,693 யூரோ. பிடித்த 5,160 யூரோவிலிருந்து இதைக் கழித்தால் 467 யூரோ திரும்பி வரும்.

ஆகவே திரும்பி வரும் பணம் அரசு தரும் சலுகை அல்ல. பிடித்ததற்கும் கட்ட வேண்டியதற்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் அலுவலகம் பயணச் செலவை ஏற்காமல் 1,230 யூரோவை மட்டும் எழுதியிருந்தால் திரும்ப வரும் தொகை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருக்கும். முதல் பக்கத்திலோ அதற்கான காரணம் தெரியாது.

காரணம் அடுத்த பக்கங்களில் இருக்கிறது. ‘பெஷ்டொயருங்ஸ்குருண்ட்லாகன்’ என்ற தலைப்பில், வரி விதிப்புக்கு அடிப்படையான எண்கள் சம்பளத்தில் தொடங்கி வரிசையாக வரும். தாக்கல் செய்த படிவத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். எங்கே எண் மாறுகிறதோ அங்கே குறித்துக்கொண்டு, ‘எர்லொய்ட்டருங்கன்’ என்ற விளக்கப் பகுதிக்குப் போக வேண்டும். எந்தச் செலவை ஏன் ஏற்கவில்லை என்று அங்கே எழுதியிருப்பார்கள். பலரும் படிக்காமல் மடித்து வைத்துவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

தமிழகத்திலிருந்து வேலைக்குச் செல்வோருக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கும். ஜூன் வரை சென்னையில் சம்பளம் வாங்கி, ஜூலையில் மியூனிக்குக்குக் குடிபெயர்ந்தவருக்கு அரையாண்டுச் சம்பளம்தானே, பெருந்தொகை திரும்பி வரும் என்று தோன்றும். சென்னைச் சம்பளத்துக்கு ஜெர்மனி வரி விதிக்காது. ஆனால் வரி விகிதத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஜெர்மன் சம்பளத்தின் மீதான விகிதம் ஏறும், திரும்பும் பணம் குறையும். ‘ப்ரொக்ரெஸியோன்ஸ்ஃபோர்பெஹால்ட்’ என்ற நீளமான சொல்லை அறிவிப்பில் கண்டால் இதுதான் நடந்திருக்கிறது. குழந்தை வளர்ப்புக்கான உதவித்தொகை, வேலையில்லாக் காலப் பணம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

இனி பாக்கிக் கணக்கு. அதே 42,000 யூரோ ஊழியருக்குச் செலவு 1,230 யூரோவைத் தாண்டவில்லை. மாலையில் சொந்தமாகப் பாடம் சொல்லிக் கொடுத்து 3,000 யூரோ லாபம் பார்த்திருக்கிறார். வரி விதிக்கத்தக்க வருமானம் 35,576 யூரோவாகும், வரி 6,067 யூரோவாகும். பிடித்தது 5,160தான் என்பதால் பாக்கி 907 யூரோ. கடிதத்தில் இன்னொரு பட்டியலும் சேர்ந்து வரலாம்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில் சுமார் 226 யூரோ வீதம். இது பழைய பாக்கிக்கான தவணை அல்ல. பக்க வருமானம் தொடரும் என்று கருதி நடப்பு ஆண்டுக்காக முன்கூட்டிக் கேட்கும் ‘ஃபோராவ்ஸ்ட்சாலுங்’. ஆண்டுக்கு 400 யூரோவாவது வந்தால்தான் கேட்பார்கள். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு முதல் தவணையை மட்டும் கட்டினால் பாக்கி அப்படியே நிற்கும். பக்க வருமானம் நின்றுவிட்டதென்றால் முன்பணத்தைக் குறைக்கும்படி எழுதிக் கேட்கலாம்.

பாக்கியைக் கட்ட ஒரு மாதம் அவகாசம், கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். தவறினால் தொடங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதம் தாமதக் கட்டணம். தொகையை 50இன் மடங்காகக் கீழிறக்கிக் கணக்கிடுவதால், 907 யூரோவுக்கு மாதம் 9 யூரோ ஆகும்.

எண்களில் பிழை இருந்தால் ‘ஐன்ஷ்ப்ருஹ்’ எனப்படும் மறுப்பைத் தெரிவிக்கலாம். அதற்கும் ஒரு மாதமே. அந்த மாதம் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. 2025 முதல், அனுப்பிய நாளிலிருந்து நான்காம் நாள் கிடைத்ததாகச் சட்டம் கொள்கிறது. அந்த நாள் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். 2025 மே 12 அன்று அனுப்பிய அறிவிப்பு மே 16 அன்று கிடைத்ததாகக் கொள்ளப்படும், மறுப்பு ஜூன் 16க்குள் அலுவலகத்தைச் சேர வேண்டும். கடிதமாகவோ, எல்ஸ்டர் இணையதளம் வழியாகவோ அனுப்பலாம். அறிவிப்பின் தேதியையும் வரி எண்ணையும் குறிப்பிட்டு, எந்த எண் தவறு, ஏன் என்று எழுதினால் போதும். கட்டணம் கிடையாது.

மறுப்பு அனுப்பிவிட்டோம் என்று பாக்கியைக் கட்டாமல் இருந்துவிடக் கூடாது. முடிவு வரும்வரை வசூலை நிறுத்திவைக்கும்படி தனியாக விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்டால் மட்டுமே கட்டாமல் இருக்கலாம். இல்லையென்றால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வழக்கில் வென்றால் கட்டிய பணம் திரும்பி வந்துவிடும்.