34,58,045-ஐ எப்படிச் சுருக்குவது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோவை மாவட்டத்தில் 34,58,045 பேர். சேலத்தில் 34,82,056 பேர். இவற்றைப் பட்டை வரைபடமாக்கி, ஒவ்வொரு பட்டையின் தலையிலும் முழு எண்ணையும் எழுதினால் எண்கள் ஒன்றையொன்று இடிக்கும், யாரும் படிக்கமாட்டார்கள். அதனால்தான் ஆயிரத்துக்கு K, மில்லியனுக்கு M என்று போட்டுச் சுருக்குகிறோம். ஒரு தசம இடம் போதும் என்று முடிவு செய்தால் கோவையும் 3.5M, சேலமும் 3.5M. பட்டைகளில் ஒன்று சற்றே உயரமாக நிற்கும், தலையில் இருக்கும் எண்ணோ இரண்டுக்கும் ஒன்றே. 24,011 பேர் காணாமல் போய்விட்டார்கள்.

இரண்டு தசம இடம் வைத்தால் 3.46M, 3.48M என்று பிரிந்துவிடும். எத்தனை இடம் வேண்டும் என்பதைப் பழக்கம் முடிவு செய்யக் கூடாது. அருகருகே நிற்கும் மதிப்புகளின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான படங்களுக்கு முதல் மூன்று இலக்கங்கள் போதுமானவை.

நிரல் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. எண் பத்து லட்சத்துக்குக் கீழே இருந்தால் K, மேலே இருந்தால் M என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு வகுத்து முழுமையாக்குவதுதான் வழக்கம். 9,99,960-ஐக் கொடுத்துப் பாருங்கள். பத்து லட்சத்தைத் தொடவில்லை, ஆகவே K. ஆயிரத்தால் வகுத்தால் 999.96. ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் திரையில் 1000.0K என்று வந்து நிற்கும். அது 1.0M ஆக இருந்திருக்க வேண்டும். எழுத்தைத் தேர்ந்த பிறகு முழுமையாக்கியதால் எண் எல்லையைத் தாண்டிவிட்டது, எழுத்து பின்தங்கிவிட்டது. சோதனைக்கு 1500, 25,00,000 போன்ற அழகான எண்களையே கொடுப்பதால் இந்தப் பிழை நெடுநாள் பிடிபடாது. எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள எண்களைக் கொடுத்தால்தான் வெளியே வரும்.

மருந்து எளிது: முதலில் முழுமையாக்கு, பிறகு எழுத்தைத் தேர்ந்தெடு. ஜாவாஸ்கிரிப்டில் இப்படி:

```
function short(n) {
  const v = Number(n.toPrecision(3));
  const a = Math.abs(v);
  if (a >= 1e6) return v / 1e6 + "M";
  if (a >= 1e3) return v / 1e3 + "K";
  return String(v);
}
```

இது 9,99,960-ஐ 1M என்றும், கோவையை 3.46M என்றும் தரும். `Math.abs` இருப்பதால் நஷ்டக் கணக்கில் வரும் குறை எண்களும் சுருங்கும். ஒரு குறை உண்டு: அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் 39,98,252 வெறும் 4M ஆகிவிடும், பக்கத்தில் வேலூர் 3.94M என்று நிற்கும்போது. இங்கே 4.00M என்று எழுதுவதே நேர்மை. `toFixed(2)` கொண்டு அதைச் சரிசெய்யலாம்.

எல்லா இடத்திலும் முழுமையாக்கத்தான் வேண்டும் என்பதில்லை. யூடியூப் 2019 முதல் சந்தாதாரர் எண்ணிக்கையைச் சுருக்கிக் காட்டும்போது கீழ்நோக்கியே வெட்டுகிறது. 4,227 பேர் இருந்தால் 4.22K. பத்து லட்சத்தைத் தொடாத சேனலுக்கு 1M என்ற பட்டம் கிடைக்கக் கூடாதல்லவா? சாதனை எல்லை முக்கியமான இடத்தில் வெட்டுவது சரி. அளவை ஒப்பிடும் வரைபடத்தில் முழுமையாக்குவதே சரி.

வரைபடத்தின் அச்சில் வரும் எண்களுக்கு விதி வேறு. அங்கே தசம இடங்களைத் தீர்மானிப்பது படிகளுக்கு இடையே உள்ள இடைவெளி. 1.00, 1.25, 1.50, 1.75 என்று ஏறும் அச்சை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கினால் 1.0, 1.3, 1.5, 1.8 ஆகும். கோடுகள் சம தூரத்தில் இருக்க, எண்கள் மட்டும் ஒருமுறை 0.3, ஒருமுறை 0.2 என்று தாவும். அச்சு முழுவதற்கும் ஒரே எழுத்தும் வேண்டும். பட்டைகளுக்கும் அப்படியே: நீலகிரியின் 7,35,394-ஐ 735K என்று எழுதி 3.46M பக்கத்தில் வைத்தால், அவசரத்தில் பார்ப்பவருக்கு 735தான் பெரிதாகத் தெரியும். 0.74M என்பதே நல்லது.

எக்செலில் நிரல் தேவையில்லை. தனிப்பயன் எண் வடிவத்தில் இதை எழுதினால் போதும்:

```
[>=999950]0.0,,"M";[>=950]0.0,"K";0
```

ஒவ்வொரு காற்புள்ளியும் எண்ணை ஆயிரத்தால் வகுக்கிறது. எல்லை 10,00,000 அல்ல, 9,99,950 என்பதைக் கவனியுங்கள், 1000.0K வராமல் தடுப்பது அந்த ஐம்பதுதான். 950-க்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்டவை 1.0K ஆகிவிடும், அது பிடிக்காவிட்டால் அந்த எல்லையை 999.5 ஆக்குங்கள். குறை எண்களை இந்த வடிவம் சுருக்காது, முழுதாகவே காட்டும்.

நம் மாவட்டக் கணக்குக்கு மில்லியனைவிட லட்சமே பொருத்தம்: கோவை 34.6, சேலம் 34.8, நீலகிரி 7.4. ஆனால் எக்செலின் காற்புள்ளி ஆயிரத்தால் மட்டுமே வகுக்கும், லட்சத்தால் வகுக்காது. அதனால் தனி நெடுவரிசையில் 1,00,000-ஆல் வகுத்து அதிலிருந்து படம் வரையுங்கள், தலைப்பில் ‘லட்சத்தில்’ என்று ஒருமுறை எழுதுங்கள். பட்டைகளின் மேல் எந்த எழுத்தும் தேவைப்படாது.