இரண்டு நெய் பாட்டில் எங்கே?

மார்ச் 31 நெருங்கினால் மளிகைக் கடைகளில் ஸ்டாக் எடுப்பார்கள். அலமாரியில் இருப்பதை எண்ணி, கம்ப்யூட்டர் காட்டும் இருப்போடு ஒப்பிட்டு, குறைந்ததைக் குறைத்து, கூடியதைக் கூட்டி, ஆடிட்டருக்கு ஒரு பட்டியல் போய்ச் சேரும். வித்தியாசம் ஏன் வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஏதோ பில் போடும்போது விட்டுப் போயிருக்கும்."

அந்த ஏதோவைத்தான் பட்டியல் சொல்ல வேண்டும். கணக்கு இருப்பு, எண்ணிய இருப்பு, வித்தியாசம் என்று மூன்று கட்டங்களோடு நிறுத்தாமல், காரணம் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று இன்னும் இரண்டு கட்டங்கள் போட்டால் போதும். காரணத்தை வெறும் சொல்லாக எழுதக் கூடாது, எண்ணாக எழுத வேண்டும். ஒரு நடுத்தர மளிகைக் கடையை உதாரணமாக வைத்துக்கொண்டு ஆறு வரி போட்டுப் பார்ப்போம்.

| பொருள் | கணக்கில் | எண்ணியது | வித்தியாசம் | காரணம் தெரிந்தது | தெரியாதது |
|---|---|---|---|---|---|
| துவரம் பருப்பு (கிலோ) | 100 | 150 | +50 | +50 | 0 |
| சர்க்கரை (கிலோ) | 86 | 84.2 | −1.8 | −1.6 | −0.2 |
| ரோஸ் சோப்பு | 34 | 27 | −7 | −7 | 0 |
| சந்தன சோப்பு | 22 | 29 | +7 | +7 | 0 |
| பாத்திரம் கழுவும் சோப்பு | 60 | 61 | +1 | +4 | −3 |
| நெய் 500 மில்லி | 24 | 19 | −5 | −3 | −2 |

எண்ணுவதிலேயே ஒரு ஒழுங்கு வேண்டும். எண்ணுகிறவர் கையில் கணக்கு இருப்பைக் கொடுக்கவே கூடாது. 24 என்று தாளில் பார்த்துவிட்டால் 23 எண்ணியவருக்கும் 24 என்றுதான் தோன்றும். கடையை மூடிய பிறகு, கடைசி பில் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. பில் போட்டுப் பணமும் வாங்கி, "சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்" என்று வாடிக்கையாளர் விட்டுப்போன பை ஓரமாக இருக்கும். அது கடைச் சரக்கு இல்லை, எண்ணக் கூடாது. கட்டி வைத்து இன்னும் பில் போடாத மாத மளிகைப் பை இருந்தால் அதை அவிழ்த்து எண்ணத்தான் வேண்டும். வித்தியாசம் வந்த பொருளை முதலில் எண்ணியவரே மறுபடி எண்ணாமல், வேறொருவர் எண்ணட்டும்.

இனி வரிக்கு வரி போவோம். பருப்பில் 50 கிலோ கூடுதல் என்றால் யாரும் மகிழத் தேவையில்லை. மத்தியானம் ஒரு மூட்டை இறங்கியது, பில் இன்னும் கல்லாப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, கொள்முதலில் ஏறவில்லை, அவ்வளவுதான். பில்லை ஏற்றினால் வித்தியாசம் தானாக மறையும். இங்கேதான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். டேலியில் `Physical Stock` என்று ஒரு வவுச்சர் உண்டு. எண்ணிய அளவை அதில் போட்டால் கணக்கு இருப்பு அந்த எண்ணுக்கு மாறிவிடும். காரணம் தேடாமல் 150 என்று போட்டுவிட்டு, மறுநாள் தேதியில் அந்தப் பில்லையும் ஏற்றினால், கணக்கில் இல்லாத 50 கிலோ முளைக்கும். அடுத்த தடவை எண்ணும்போது அது 50 கிலோ திருட்டு போலத் தெரியும். கடைப் பையனுக்குத்தான் கெட்ட பெயர்.

சர்க்கரையில் குறைவது பல கடைகளுக்குப் பழகிப்போன விஷயம், "சிந்தும், சிதறும்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இதை அளந்தே பார்க்கலாம். கடையில் கட்டிய ஒரு கிலோ பாக்கெட் பத்தை எடுத்துத் தராசில் வைத்தால் 10.13 கிலோ காட்டுகிறது. காலிக் கவர் பத்து 50 கிராம். அப்படியானால் பத்து பாக்கெட்டில் 80 கிராம், ஒன்றுக்கு 8 கிராம் கூடுதலாகப் போகிறது. போன தடவை ஸ்டாக் எடுத்ததிலிருந்து 50 கிலோ மூட்டை நான்கு பிரித்துக் கட்டியிருந்தால், 200 கிலோவுக்கு 1.6 கிலோ. மிச்சம் இருக்கிற 200 கிராம்தான் உண்மையில் சிந்தியது. கட்டுகிறவர் எடை குறைந்து கெட்ட பெயர் வரக் கூடாது என்று ஒரு கை கூடப் போடுகிறார். அந்த எண்ணம் நல்லதுதான், அளவை மட்டும் கொஞ்சம் இறுக்கலாம்.

சோப்பு இரண்டும் சேர்ந்தே பேசும். ஒரே விலை, ஒரே அலமாரி. வாடிக்கையாளர் ரோஸ் ஒன்று, சந்தனம் ஒன்று என்று எடுத்து வருவார். பில் போடுகிறவர் சந்தனத்தை ஒரு தடவை ஸ்கேன் செய்து எண்ணிக்கையில் 2 என்று தட்டிவிடுவார். பணத்தில் ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதற்காக இரண்டு வரியையும் ஒன்றாகக் கழித்துப் பூஜ்யம் என்று எழுதிவிடக் கூடாது. ரோஸ் இன்னும் 34 இருப்பதாகக் கணக்கு நம்பிக்கொண்டிருந்தால், அது தீர்ந்து நாலு நாள் ஆன பிறகும் ஆர்டர் போகாது.

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த வரி பாத்திரம் கழுவும் சோப்புதான். வித்தியாசம் வெறும் ஒன்று, அதுவும் கூடுதல். யாருமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் கம்பெனி ஸ்கீமில் 12 வாங்கினால் ஒன்று இலவசம். நான்கு டஜன் வந்திருக்கிறது, நான்கு இலவச சோப்பும் அலமாரிக்கு ஏறியிருக்கிறது, கணக்கில் ஏறவில்லை. அப்படியானால் நான்கு கூடியிருக்க வேண்டும். ஒன்றுதான் கூடியிருக்கிறது என்றால் மூன்று காணோம். கூடுதல் என்று பேர் போட்டுக்கொண்டு ஒரு குறைவு ஒளிந்திருக்கிறது. காரணத்தை எண்ணாக எழுதச் சொன்னது இதற்குத்தான். "ஸ்கீம் பீஸ்" என்று சொல்லாக மட்டும் எழுதியிருந்தால் இந்த மூன்றும் கண்ணில் பட்டிருக்காது.

நெய்யில் ஐந்து குறைவு. கசிந்த பாட்டில் இரண்டை டிஸ்ட்ரிபியூட்டர் ஆள் எடுத்துப் போனார், கிரெடிட் நோட் இன்னும் வரவில்லை. அது நஷ்டம் இல்லை, அவரிடமிருந்து வர வேண்டிய பாக்கி. ஒன்று முதலாளி வீட்டுக்குப் போனது. அதை அவருடைய சொந்த எடுப்பில் எழுத வேண்டும். முதலாளிகள் இந்த வரியை விரும்பமாட்டார்கள், ஆனால் எழுதாவிட்டால் அந்தப் பழி வேலை செய்கிறவர்கள் மேல் விழும். மீதி இரண்டுக்கு விடை இல்லை. கொள்முதல் விலை பாட்டில் 320 ரூபாய் என்றால் 640 ரூபாய். நஷ்டத்தைக் கொள்முதல் விலையில்தான் போட வேண்டும்; விற்கும் விலையில் போட்டால் வராத லாபத்தையும் இழந்ததாக எழுதியதாகிவிடும்.

இதில் வரியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தொலைந்த, திருடு போன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளிய சரக்குக்கு, வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரி வரவை வைத்துக்கொள்ள முடியாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5) சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு எடுத்ததற்கும் அதே கதைதான். ஆகவே அந்த இரண்டு பாட்டிலுக்கும் வீட்டுக்குப் போன ஒன்றுக்கும் எடுத்த வரியைத் திருப்ப வேண்டும். ரோஸ் சோப்பு ஏழுக்குத் தேவையில்லை, ஏனென்றால் அவை விற்றுத்தான் போயின. காரணக் கட்டத்தைக் காலியாக விட்ட கடைக்காரர் இரண்டையும் பிரித்துக் காட்ட வழியில்லாமல் நிற்பார்.

காணாமல் போன இரண்டு நெய்யைத் தேட முழுக் கடையையும் மறுபடி எண்ண வேண்டியதில்லை. நெய், ஏலக்காய், ஷேவிங் பிளேடு என்று சின்னதாகவும் விலை கூடியதாகவும் இருக்கிற பத்துப் பொருளை மட்டும் இரண்டு வாரம் தினமும் கடை மூடும்போது எண்ணலாம், ஐந்து நிமிட வேலை. எந்த நாளில் குறைகிறது என்று தெரிந்துவிட்டால், அன்றைய பில்களையும் அன்று கல்லாவில் யார் இருந்தார் என்பதையும் பார்த்தால் போதும். ஒரு நாளும் குறையவில்லை என்றால், நெய் அலமாரியைக் கல்லாவுக்குப் பின்னால் மாற்றிவிட்டு அடுத்த மாதமும் அதே பத்தை எண்ணிப் பார்க்கலாம்.