பெயர் ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு: குடும்ப டிரஸ்ட் யாருக்குத் தேவை?

இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு இந்தியாவிலும் ஒரு காலத்தில் வரி இருந்தது. 1953-இல் வந்த எஸ்டேட் டியூட்டி சட்டம் பெரிய சொத்துகளின் மேல் அடுக்கில் 85 சதவீதம் வரை எடுத்துக்கொண்டது. 1985 மார்ச்சில் அந்த வரி ஒழிந்தது. மேலைநாட்டுச் செல்வந்தர்கள் குடும்ப டிரஸ்ட் வைப்பதற்கு மரணவரி முக்கியமான காரணம். இங்கே அப்பாவின் சொத்து பிள்ளைக்கு வந்தால் அதற்கென்று வரி கிடையாது. ஆகவே வரியை மிச்சம் பிடிக்கத்தான் டிரஸ்ட் என்று யாராவது சொன்னால், அது வேறு நாட்டுக் கணக்கு.

அப்படியானால் டிரஸ்ட் எதற்கு? ஒரு சொத்தை இரண்டாகப் பிரிப்பதற்கு. நிலத்தைப் பங்கு போடுவதைச் சொல்லவில்லை. சொத்தின் பெயரும் நிர்வாகமும் ஒருவரிடம் இருக்கும். அதன் பலன் இன்னொருவருக்குப் போகும். பெயர் வைத்திருப்பவர் டிரஸ்டி, பலன் பெறுபவர் பயனாளி. டிரஸ்டி தன் சொந்த ஆதாயத்துக்கு அதில் கை வைக்க முடியாது. அவருடைய சொந்தக் கடனுக்காக அந்தச் சொத்தை யாரும் ஜப்தி செய்யவும் முடியாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இதைத்தான் வகுத்திருக்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமமும் டிரஸ்ட்தான். ஆனால் அது ஊருக்கானது. பொது அறக்கட்டளைகள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. நாம் பேசுவது வீட்டு ஆட்களுக்கான தனியார் டிரஸ்ட்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயது 68. திண்டுக்கல் நாகல் நகரில் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய கடைக் கட்டடம். மாத வாடகை 60,000 ரூபாய். மூத்தவன் நூல் வியாபாரம் செய்கிறான், பெண்ணை மதுரையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கடைசி மகனுக்கு 28 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். பணத்தைக் கையாள அவனால் ஆகாது. "நான் போன பிறகு இவனை யார் பார்ப்பார்?" என்பதுதான் அப்பாவின் கேள்வி.

நம் பக்கத்தில் வழக்கமாகச் செய்வது, கட்டடத்தை மூத்தவன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொல்வது. செலவும் குறைவு. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். எவ்வளவு பெரிய சொத்தானாலும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணத்துக்கும் 10,000 ரூபாய் உச்சவரம்பு. ஆனால் பத்திரம் பதிந்த அன்றே கட்டடம் மூத்தவனுடையதாகிவிடுகிறது. வியாபாரம் நொடித்தால் கடன்காரர் அதன்மேல் வருவார். மூத்தவன் திடீரென இறந்தால் அவன் மனைவி மக்கள் வாரிசாவார்கள். அண்ணன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் இந்த இரண்டையும் தடுக்க அவனால் முடியாது.

கடைசி மகன் பெயருக்கே உயில் எழுதினாலும் சிக்கல் தீராது. சொத்து அவனுக்கு வரும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட யார்? 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது தாண்டியவருக்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். அதை எப்படியும் செய்துவைக்க வேண்டும். ஆனால் பணத்தை எதற்குச் செலவழிப்பது, அவன் காலத்துக்குப் பின் சொத்து யாருக்கு என்பதை அந்த நியமனம் சொல்லாது.

இந்த இடத்தில்தான் டிரஸ்ட் கைகொடுக்கிறது. மகளும் ஒரு நெருங்கிய உறவினரும் டிரஸ்டிகள். வாடகை முழுவதும் கடைசி மகனின் வாழ்நாள் வரை அவனுக்காக. அவனுக்குப் பின் கட்டடம் பேரப்பிள்ளைகளுக்கு. இவ்வளவையும் ஒரே பத்திரத்தில் எழுதிவிடலாம்.

எழுதும் விதத்தில் வரி மாறும். யாருக்கு எவ்வளவு என்று குறிக்காமல் டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால், வருமானத்துக்கு உச்ச விகிதத்தில் வரி. வருட வாடகை 7,20,000 ரூபாய். அதில் 30 சதவீதக் கழிவு போக 5,04,000. இதற்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து சுமார் 1,57,000 ரூபாய். அதே வருமானம் கடைசி மகனுக்கு மட்டுமே என்று தெளிவாகக் குறித்திருந்தால் அவன் வருமானமாகவே கணக்கிடப்படும். வேறு வருமானம் இல்லாதவன் என்பதால், 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி வரி இல்லை. ஒரு வாக்கியத்தின் விலை வருடத்துக்கு ஒன்றரை லட்சம்! அப்பா டிரஸ்ட்டை ரத்து செய்யும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டால், வருமானம் அப்பாவின் கணக்கிலேயே சேரும்.

அடுத்தது பதிவுச் செலவு. அசையாச் சொத்தை டிரஸ்ட்டில் வைத்தால் பத்திரம் பதிவாக வேண்டும். 40,000 ரூபாய்ச் சலுகை மகன், மகள் போன்ற உறவுகளின் பட்டியலுக்கு உரியது. டிரஸ்ட் அந்தப் பட்டியலில் ஓர் உறவு அல்ல. கட்டடத்தின் வழிகாட்டி மதிப்பு ஒன்றரைக் கோடி என்று வையுங்கள். 7 சதவீதம் கேட்டால் முத்திரைத் தீர்வை மட்டும் பத்தரை லட்சம். எனவே கையெழுத்துக்கு முன்பே, வரைவுப் பத்திரத்தைக் காட்டி எவ்வளவு தீர்வை என்று எழுத்தில் முடிவு பெறுவது நல்லது. அதோடு டிரஸ்ட்டுக்குத் தனி பான், தனி வங்கிக் கணக்கு, வருடாந்திர வரிக் கணக்கு, ஆடிட்டர் கட்டணம் எல்லாம் உண்டு.

செலவைக் குறைக்க ஒரு வழி, உயிலிலேயே டிரஸ்ட்டை உண்டாக்குவது. உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். மனம் மாறினால் திருத்தலாம். உயிலில் அறிவிக்கும் ஒரே டிரஸ்ட் என்றால், பங்கு குறிக்காவிட்டாலும் இதுபோன்ற வாடகைக்கு உச்ச விகித வரி பொதுவாக வருவதில்லை. குறை என்னவென்றால், அப்பா இறந்த பிறகுதான் அது உயிர் பெறும். அவர் படுக்கையில் நினைவிழந்து கிடக்கும் வருடங்களுக்கு அது உதவாது.

பெரும்பாலான டிரஸ்ட்டுகள் கெடுவது பத்திரத்தில் இல்லை, அதற்குப் பிறகுதான். பத்திரம் பீரோவில் இருக்கும். வாடகை இன்னும் அப்பாவின் சேமிப்புக் கணக்கில் விழும், வீட்டுவரி ரசீதும் பட்டாவும் பழைய பெயரிலேயே இருக்கும். வெளி ஆளை டிரஸ்டியாகப் போட்டு உயிரோடு இருக்கும்போதே தொடங்கும் டிரஸ்ட்டில், சொத்தை அவரிடம் ஒப்படைத்தால்தான் டிரஸ்ட் நிற்கும். ஒரு வருடம் கழித்து இந்த மூன்று தாள்களையும் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இன்னொரு தவறு, பூர்வீகச் சொத்தை முழுவதுமாக எழுதிவைப்பது. அதில் மகளுக்கும் பங்கு உண்டு. அப்பா தன் பங்கை மட்டுமே எழுதலாம். தலைமுறை தலைமுறையாக விற்கக் கூடாது என்றும் கட்டிவைக்க முடியாது. இன்று உயிரோடிருப்பவர்களின் ஆயுள், அதன்பின் ஒரு வாரிசின் மைனர் பருவமான 18 ஆண்டு, அவ்வளவுதான் சட்டம் தரும் நீளம்.

ஒரு வீடும் ஒரு மனையும் இருந்து, பிள்ளைகள் தம் காலில் நிற்பவர்கள் என்றால் டிரஸ்ட் வீண் செலவு. பதிவு செய்த உயில் போதும். தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, மைனர் வாரிசு, கடன் அபாயம் உள்ள தொழிலில் மகன், துண்டு போட்டால் மதிப்பிழக்கும் சொத்து: இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் டிரஸ்ட்டைப் பற்றி வக்கீலிடம் பேசுங்கள். முதல் டிரஸ்டி இறந்தால் அடுத்தவர் யார் என்று அவர் கேட்காமலே பத்திரம் எழுதினால், வேறு வக்கீலைப் பாருங்கள்.