ரீஃபண்டுக்குப் பின் எண் எதற்கு?

இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் ஒரு பக்கத்துக்கு யுபிஐ வழியாக 1,850 ரூபாய் அனுப்பினால், சில நொடிகளில் அது எதிராளியின் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். சேர்ந்த பணத்தைத் தன் விருப்பப்படி திரும்ப எடுக்க அனுப்பியவருக்கு வழியில்லை. அவருடைய வங்கிக்கும் இல்லை. பெற்றவர் மனமுவந்து திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் காவல்துறைக்குப் புகார் போய், அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருக்கும்போதே முடக்கப்பட வேண்டும்.

பெரிய விற்பனைத் தளங்களில் நிலைமை வேறு. அங்கே நாம் கட்டும் பணம் முதலில் தளத்திடம் நிற்கிறது. பொருள் போய்ச் சேர்ந்த பிறகுதான் விற்றவருக்குக் கிடைக்கிறது. பொருள் வராவிட்டால் தளத்திடமே கேட்கலாம். இன்ஸ்டாகிராமில் படம் பார்த்து, வாட்ஸ்அப்பில் பேசி, ஜிபே எண்ணுக்குப் பணம் போடும் வியாபாரத்தில் இப்படி நடுவில் நிற்பவர் யாரும் இல்லை. சேலை, நைட்டி, ஊறுகாய், வத்தல் என்று வீட்டிலிருந்தே விற்று நேர்மையாகப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்கமும் ஏமாற்றுக்காரரின் பக்கமும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் எச்சரிக்கை முழுவதும் வாங்குபவர் கையில்தான் இருக்கிறது.

அந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கோடு பார்ப்போம்.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு ஒருவர் சாஃப்ட் சில்க் சேலை ஒன்றைப் பார்க்கிறார். விலை 1,850. வாட்ஸ்அப்பில் கேட்டதும் நிறங்களின் படங்கள் வருகின்றன. “கடைசி ரெண்டு பீஸ்தான்க்கா இருக்கு, பேமென்ட் போட்டா புக் பண்ணிடறேன்” என்கிறார் எதிர்முனையில் இருப்பவர். பணம் போகிறது. மறுநாள் கூரியர் ரசீது ஒன்றின் படம் வருகிறது. இரண்டு நாள் கழித்து, “பார்சல் ஹப்பில் நிற்கிறது, இன்சூரன்ஸ் 999 கட்ட வேண்டும், டெலிவரி ஆனதும் திரும்பி வந்துவிடும்” என்று ஒரு செய்தி. அதையும் அனுப்புகிறார். மொத்தம் 2,849 ஆகிவிட்டது.

சேலை வரவில்லை. அவர் கோபமாகக் கேட்கிறார். எதிர்முனை சண்டை போடவில்லை. உடனே மன்னிப்புக் கேட்டு, முழுத் தொகையையும் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு லிங்க் அனுப்புகிறது. தொட்டதும் அவருடைய யுபிஐ செயலி திறக்கிறது. 2,849 என்று சரியான தொகை. ‘ரீஃபண்ட்’ என்று குறிப்புகூட இருக்கிறது. பின் எண் போடுகிறார். 2,849 அவருடைய கணக்கிலிருந்து போகிறது. “சர்வர் கோளாறு மேடம், ரெண்டையும் சேர்த்து 5,698 அனுப்பிடறோம்” என்று அடுத்த லிங்க். அதற்கும் பின் எண் போடுகிறார். இப்போது மொத்த இழப்பு 11,396 ரூபாய், சேலை விலையைப் போல ஆறு மடங்கு.

இழந்த பணத்தைக் கேட்டு நிற்பவர், அது வரும் என்று சொல்கிற எதையும் அவசரமாகத் தொடுவார். ஏமாற்றுக்காரர் காத்திருப்பது அந்த அவசரத்துக்காகத்தான். சேலைக்கு 1,850 தருபவர் முன்பின் தெரியாதவருக்கு 5,698 ரூபாயைத் தாமாக அனுப்ப மாட்டார். தனக்கு வருகிறது என்று நினைத்தால் அனுப்பிவிடுவார்.

அந்த லிங்க்கின் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
upi://pay?pa=abc@bank&pn=ABC&tn=Refund&am=2849&cu=INR
```

இதில் `pay` என்பது பணம் செலுத்து என்ற கட்டளை. `pa` பணம் போய்ச் சேரும் முகவரி, `am` தொகை. `tn` என்ற இடத்தில் லிங்க்கை உருவாக்கியவர் எந்தக் குறிப்பை வேண்டுமானாலும் எழுதலாம். இங்கே அவர் எழுதியது Refund. க்யூஆர் கோடிலும் இதே வரிதான் படமாக மாறியிருக்கிறது. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், எந்த லிங்க்கும் வேண்டாம். உங்களுக்குத் தர நினைப்பவருக்கு உங்கள் யுபிஐ முகவரியோ எண்ணோ போதும். அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பணம் வரும் என்று சொல்லி உங்களிடம் பின் எண் கேட்கும் திரை வந்தால், அது பணம் போகும் திரை.

செய்தியில் வரும் லிங்க் வேறு இரண்டு வடிவங்களிலும் வரும். முதலாவது, உலாவியில் திறக்கும் பக்கம். பார்சல் கட்டணம் என்று 5 ரூபாய் கேட்கும். கார்டு எண், சிவிவி, ஓடிபி எல்லாம் வாங்கிக்கொள்ளும். அந்த ஓடிபி 5 ரூபாய்க்கானதாக இருக்காது. ஓடிபி வந்த குறுஞ்செய்தியில் பெரும்பாலும் தொகையும் பெறுபவர் பெயரும் எழுதியிருக்கும். ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டாமல் அந்த வரி முழுவதையும் படிக்க வேண்டும். பக்கம் யாருடையது என்பதை முகவரியில் பார்க்கலாம். `https://indiapost.gov.in.parcel-fee.example/track` என்ற முகவரி தபால் துறையின் பெயரில் தொடங்கினாலும் தபால் துறையுடையது அல்ல. `https://` தாண்டி முதல் சாய்கோடு வரும் வரை உள்ள பகுதியின் கடைசித் துண்டுதான் உரிமையாளரைக் காட்டும். இங்கே அது `parcel-fee.example`. சுருக்கப்பட்ட சிறு லிங்க்குகளில் இதைப் பார்க்கவே முடியாது. அப்போது லிங்க்கைத் தொடாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து ட்ராக்கிங் எண்ணை அடித்துப் பார்ப்பதுதான் சரி. படமாக வந்த ரசீதுக்கு மதிப்பில்லை, எண்ணாகக் கேளுங்கள்.

இரண்டாவது வடிவம், `.apk` என்று முடியும் கோப்பு. ‘பார்சலை ட்ராக் செய்ய’ என்று வரும். நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வரும்போதே அவர்களுக்கும் போய்விடும். பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வாட்ஸ்அப்பில் வந்த செயலி எதுவும் தேவையில்லை.

இனி, பணம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை. இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதி வரும். கணக்கு எப்போது தொடங்கியது, இதற்கு முன் பெயர் மாறியிருக்கிறதா என்று பெரும்பாலும் அங்கே தெரியும். பல ஆயிரம் பேர் பின்தொடரும் பக்கம் போன மாதம்வரை வேறு பெயரில் இருந்திருந்தால், வாங்க வேண்டாம். பிறகு, நீங்கள் கேட்ட சேலையை விரித்து, உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய தாளை அதன்மேல் வைத்து ஒரு சிறு வீடியோ கேளுங்கள். சரக்கு வீட்டில் இருப்பவர் கொஞ்ச நேரத்தில் எடுத்து அனுப்பிவிடுவார். பிறர் படத்தைத் திருடிப் போட்டவரால் அது முடியாது. உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவின் 14 இலக்க எண்ணையும் கேட்கலாம்.

அடுத்து, பெயர். பின் எண் போடுவதற்கு முந்தைய திரையில் வரும் பெயர், வங்கிப் பதிவில் உள்ளதாக இருக்க வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025இல் உத்தரவிட்டிருக்கிறது. வீட்டு வியாபாரத்தில் கணவர் பெயரிலோ அம்மா பெயரிலோ கணக்கு இருப்பது சகஜம். அதனால் பெயர் வேறாக இருப்பதே குற்றமாகாது. ஆனால் என்ன பெயர் வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சொன்ன பெயரே திரையில் வர வேண்டும். “அந்த அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு, இந்த நம்பருக்குப் போடுங்க” என்று மூன்றாவது ஆளின் பெயருக்கு மாறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏமாற்றிய பணத்தை வாங்கிக் கைமாற்றுவதற்கு வாடகைக்கு எடுத்த கணக்குகள் அப்படித்தான் உள்ளே வருகின்றன.

முடிந்தால் கடைக்கான க்யூஆர் கோடைக் கேளுங்கள். தனிநபருக்கு அனுப்பிய பணத்துக்கும் கடைக் கணக்குக்குச் செலுத்திய பணத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கடைக் கணக்கு என்றால், ‘பணம் கொடுத்தேன், பொருள் வரவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி யுபிஐ செயலியிலோ வங்கியிலோ புகார் எழுப்ப இடம் இருக்கிறது. தனிநபர் கணக்குக்கு அனுப்பினால், “நீங்கள்தானே பின் எண் போட்டீர்கள்” என்று வங்கி சொல்லிவிடும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த பாதுகாப்பு, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றங்களுக்கானது. தாமே பின் எண் போட்டு அனுப்பிய பணம் அதில் எளிதாக அடங்காது.

தெரியாத விற்பனையாளரிடம் முதல் ஆர்டர் என்றால், போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும் வாங்குங்கள். பொருள் கையில் வரும்போது பணம் தரும் வழி பாதுகாப்பானதுதான். தபால் துறையின் விபிபி பல காலமாக இருக்கிறது. ஆனால் அதிலும் பணம் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். உள்ளே பழந்துணி இருந்தால், முகவரிச் சீட்டு தெரியும்படி ஆரம்பம் முதல் வெட்டாமல் எடுத்த வீடியோதான் உங்கள் சாட்சி. கிழிந்த சேலை வந்து, “நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்” என்று விற்றவர் சொன்னால் அது முடிவான பேச்சு அல்ல. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

விற்றவர் முற்றிலும் மறைந்துவிட்டால், அது நுகர்வோர் தகராறு அல்ல, குற்றம். முதல் வேலை 1930க்கு அழைப்பது. செயலியின் பரிமாற்ற விவரத்தில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண், தொகை, நேரம், போய்ச் சேர்ந்த யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று தேடி, மிச்சம் இருப்பதை முடக்க முயல்வார்கள். அது ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்பட்ட பிறகு பிடிப்பது கடினம். அதனால் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். பிறகு `cybercrime.gov.in` தளத்தில் எழுத்தில் புகார் பதிந்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். உரையாடலையும் எண்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் பிளாக் செய்ய வேண்டும். “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 500” என்று அதன்பின் அழைப்பவர் அதே ஏமாற்றின் அடுத்த ஆள். அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

1,850 ரூபாய்க்குப் போய்ப் புகாரா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிறு தொகை என்றால் யாரும் வர மாட்டார்கள் என்ற கணக்கில்தான் விலையே அப்படி வைக்கப்படுகிறது. அதே கணக்கு எண்ணுக்கு அதே வாரத்தில் பலர் பணம் அனுப்பியிருப்பார்கள். ஒருவர் சீக்கிரம் புகார் செய்து அந்தக் கணக்கு முடங்கினால், அடுத்தவர் பணம் அதற்குள் போகாது.